1,200 கலோரியிலும் இறங்காத எடை: தைராய்டு குறைபாடு உள்ள ஒருவரின் டயட் கணக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களிடம் இரண்டு பேச்சுகளைக் கேட்கலாம். ஒன்று, "எனக்குத் தைராய்டு, பச்சைத்தண்ணி குடிச்சாலும் எடை போடும்." மற்றொன்று, "மாத்திரை போட ஆரம்பிச்சா தானா இளைச்சிடும்." இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறையப் பிசகும் இருக்கிறது. எவ்வளவு உண்மை, எவ்வளவு பிசகு என்பதை எண்களோடு பார்ப்பதற்காக ஒரு மாதிரி நிகழ்வை இங்கே எடுத்துக்கொள்கிறோம். இது ஒரு தனி நபரின் கதை அல்ல. மருத்துவமனைகளில் அடிக்கடி வரும் வடிவத்தைக் கொண்டு கட்டியது. எண்கள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காகத் தேர்ந்தெடுத்தவை.

வந்தபோது இருந்த நிலை

வயது 41, பெண், அலுவலக வேலை, உயரம் 155 செ.மீ. எட்டு மாதத்தில் எடை 68 கிலோவிலிருந்து 74 கிலோ ஆனது. உடம்பு அசதி, மலச்சிக்கல், முடி கொட்டுதல், மின்விசிறியைக் குறைத்து வைக்கச் சொல்லும் அளவுக்குக் குளிர், காலையில் எழுந்ததும் வீங்கிய கண் இமைகள். இவற்றையெல்லாம் வயதும் வேலையும் என்று ஒதுக்கிவிட்டு, கைபேசிச் செயலி ஒன்றில் உயரம், எடை, வயதைப் போட்டார். வாரம் 0.7 கிலோ குறைய நாளுக்கு 1,200 கலோரி என்றது செயலி. ஐந்து வாரம் அப்படியே சாப்பிட்டார். எடை 74-ஐ விட்டு அசையவில்லை. 800 கலோரிக்கு இறங்கலாம் என்று முடிவெடுத்து, அதற்கு முன் ஒரு முறை ரத்தம் பார்த்துவிடலாம் என்று போனார். போனது நல்லதாயிற்று.

தைராய்டு போதாதபோது அதை முடுக்க மூளைப் பக்கமிருந்து ஏறும் ஹார்மோனான டிஎஸ்எச் 46 (வழக்கமான அளவு சுமார் 0.4 முதல் 4.5 வரை). தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 0.5 (கீழ் எல்லை பெரும்பாலான லேப்களில் 0.8-ஐ ஒட்டி இருக்கும்). டிபிஓ ஆன்டிபாடி பாசிட்டிவ். எல்டிஎல் கொழுப்பு 178, ஹீமோகுளோபின் 10.4, சோடியம் 132. சந்தேகத்துக்கு இடமில்லாத ஹைப்போதைராய்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ வகை.

செயலி எங்கே தப்பியது

செயலி பயன்படுத்துவது பெரும்பாலும் மிஃப்ளின் சூத்திரம். பெண்களுக்கு அது இப்படி: எடையை 10-ஆல் பெருக்கு, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டு, வயதை 5-ஆல் பெருக்கிக் கழி, இன்னும் 161-ஐக் கழி. இவருக்கு 740 + 969 − 205 − 161, அதாவது 1,343 கலோரி. ஒரு நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடம்பு செலவழிக்கும் அளவு இது. நடை, வேலை, செரிமானம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1.45-ஆல் பெருக்கினால் சுமார் 1,950. அதிலிருந்து 750-ஐக் கழித்துச் செயலி 1,200 என்றது. தைராய்டு நன்றாக வேலை செய்யும் ஒருவருக்கு இந்தக் கணக்கில் பெரிய தப்பில்லை. தெற்காசியர்களுக்கு இத்தகைய சூத்திரங்கள் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும் என்பது தனி விஷயம்.

தைராய்டு ஹார்மோன் குறைந்தால் முதல் எண்ணே இறங்கிவிடும். உயிரணுக்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் ஓயாமல் இறைத்துக்கொண்டிருக்கும் பம்புகள், இதயத் துடிப்பு, புரத உற்பத்தி, உடல் சூடு எல்லாம் இந்த ஹார்மோன் சொல்லும் வேகத்தில் ஓடுபவை. ரத்தத்தில் ஹார்மோனை நேரடியாக அளக்கும் வசதி வருவதற்கு முன், தைராய்டு நோயைக் கண்டறிய மருத்துவர்கள் நோயாளி ஓய்வில் எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறார் என்றுதான் அளந்தார்கள். தைராய்டு நோய்க்கும் ஆக்சிஜன் செலவுக்கும் உள்ள தொடர்பை மேக்னஸ்-லெவி 1895-லேயே காட்டியிருந்தார்.

எவ்வளவு இறங்கும்? ஹார்மோன் அறவே இல்லாத கடுமையான நிலையில் பாடநூல்கள் 40 சதவீதம் வரை சொல்கின்றன. இன்று வழக்கமாகப் பிடிபடும் நிலையில் அவ்வளவு இருக்காது. மாத்திரை எடுத்துக்கொள்பவர்களின் அளவைச் சற்றே மாற்றிப் பார்த்த, 1997-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், டிஎஸ்எச் 0.1-லிருந்து 10 வரை போனபோது ஓய்வு நிலைச் செலவு ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்தது. நம் நிகழ்வுக்கும் அதே 15 சதவீதத்தை வைத்துக்கொள்வோம். 1,343 என்பது 1,140 ஆகிறது. 200 கலோரி போயிற்று.

இத்தோடு நிற்கவில்லை. இவர் முன்பு நாளுக்கு 6,500 அடி நடந்தவர், அசதி வந்த பிறகு 3,000-த்துக்கு இறங்கிவிட்டார் (கைபேசியிலேயே பதிவு இருந்தது). மாடிப்படிக்குப் பதில் லிஃப்ட், சமையல் முடிந்ததும் படுக்கை. அப்படிப் பார்த்தால் பெருக்குத்தொகை 1.45 அல்ல, 1.3 தான். 1,140-ஐ 1.3-ஆல் பெருக்கினால் 1,480. செயலி நினைத்ததற்கும் உண்மைக்கும் இடையே 470 கலோரி. அதில் தைராய்டு நேரடியாகப் பறித்ததைவிட, அசதியால் நடை குறைந்து போனதுதான் அதிகம். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

ஆனாலும் 1,480 செலவுக்கு 1,200 சாப்பிட்டால் 280 குறைய வேண்டுமே, ஐந்து வாரத்தில் ஒரு கிலோவாவது இறங்கியிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை அடுப்படியில் இருந்தது.

உணவு ஆலோசகர் கேட்டது ஒரே கேள்வி: "மாசத்துக்கு எத்தனை எண்ணெய் பாக்கெட் வாங்குறீங்கம்மா?" நான்கு பேர் குடும்பம், மாதம் 4 லிட்டர். ஆளுக்கு ஒரு லிட்டர் என்றால் நாளுக்கு 33 மி.லி., சுமார் 30 கிராம், 275 கலோரி. செயலியில் அவர் எழுதி வந்தது தாளிப்புக்கு இரண்டு டீஸ்பூன், 90 கலோரி. காபி இன்னொரு ஓட்டை. தேடும்போது முதலில் வந்த "காபி, 5 கலோரி" என்பதை அழுத்தியிருந்தார். அது பால் இல்லாத கடுங்காபிக்கானது. இவர் குடிப்பதோ 100 மி.லி. பாலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் போட்ட டம்ளர், ஒன்றுக்கு சுமார் 100 கலோரி. நாளுக்கு இரண்டு. எண்ணெயில் 185, காபியில் 190 என்று 375 கலோரி கணக்குக்கு வெளியே ஓடியது. ஆக அவர் சாப்பிட்டது 1,200 அல்ல, 1,575. செலவோ 1,480. எடை எப்படி இறங்கும்?

பொய் எழுதியவர் யாருமில்லை. தைராய்டு ஒரு பக்கம் செலவைக் குறைத்தது, அளவுக் கரண்டி இன்னொரு பக்கம் வரவைக் கூட்டியது. இரண்டில் ஒன்றை மட்டும் சரி செய்தவர்கள்தான் "தைராய்டுக்கு டயட்டே வேலை செய்யாது" என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

ஏறிய 6 கிலோவில் கொழுப்பு எவ்வளவு

அமெரிக்கத் தைராய்டு சங்கம் நோயாளிகளுக்குச் சொல்வது: தைராய்டு குறைவால் மட்டும் ஏறும் எடை பொதுவாக 5 முதல் 10 பவுண்டு, அதாவது இரண்டேகால் முதல் நான்கரை கிலோ. அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். ஹார்மோன் குறைந்தால் தோலிலும் தசையிலும் நீரைப் பிடித்துவைக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் குவிகின்றன. முகம் உப்புவதும், காலை அழுத்தினால் குழி விழாத கெட்டி வீக்கம் தெரிவதும் இதனால்தான். டென்மார்க்கில் செய்து 2011-இல் வெளியான சிறு ஆய்வு ஒன்றில், சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகளுக்குச் சராசரியாக 4 கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தது. ஆனால் உடல் கொழுப்பு மாறவில்லை. போனது நீர்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள். நீரை டயட்டால் இறக்க முடியாது, மாத்திரைதான் இறக்கும். அந்த நீர் போன பிறகு மிச்சமிருக்கும் கொழுப்பை மாத்திரை இறக்காது, அங்கே சாப்பாட்டுக் கணக்குதான் வேண்டும். வேகமாக இளைக்கலாம் என்று மாத்திரையைத் தானாகக் கூட்டிக்கொள்பவர்கள் உண்டு. தைராய்டு மாத்திரையை எடைக் குறைப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் அந்த மருந்தின் விவரத்தாளில் கட்டம் கட்டியே எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். கூடுதல் அளவு தசையையும் எலும்பையும் கரைக்கும், இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். டிஎஸ்எச் 0.1-க்குக் கீழே போய்விட்ட ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு "நல்லா கன்ட்ரோல்ல இருக்கு" என்று மகிழ்ச்சியடைவது ஆபத்து.

800 கலோரிக்கு ஏன் போகவிடவில்லை

மருத்துவர் அந்தத் திட்டத்தை அங்கேயே நிறுத்தினார். காரணங்கள் ரிப்போர்ட்டில்தான் இருந்தன.

உணவு திடீரென்று குறையும்போது உடம்பு தானாகவே டி4 ஹார்மோனைச் செயல்படும் டி3-யாக மாற்றுவதைக் குறைத்து, செயல்படாத ரிவர்ஸ் டி3 பக்கம் திருப்பிவிடும். பஞ்ச காலத்துக்கான ஏற்பாடு இது. ஏற்கெனவே டி4 போதாத உடம்பில் இதையும் சேர்த்தால் அசதியும் குளிரும் கூடும், நடை இன்னும் குறையும். (தைராய்டு சரியாக உள்ளவர்கள் கடும் பட்டினி டயட்டில் இருக்கும்போது ரத்தம் கொடுத்தாலும் டி3 குறைவாகக் காட்டும். அது தைராய்டு நோய் அல்ல, மாத்திரை வேண்டியதில்லை.)

அடுத்தது குறைந்துபோயிருந்த சோடியம், 132. கடும் தைராய்டு குறைவில் சிறுநீரகம் கூடுதல் நீரை வெளியேற்றத் திணறும். இவரோ டயட்டின் பகுதியாக உப்பை அறவே விட்டுவிட்டு நாளுக்கு 4 லிட்டர் தண்ணீர் குடித்து வந்தார். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று போய் முடியக்கூடிய சேர்க்கை இது. தண்ணீரைத் தாகத்துக்கு ஏற்ற அளவுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள், அயோடின் கலந்த உப்பை வழக்கமான அளவில் திரும்பச் சேர்க்கச் சொன்னார்கள்.

பித்தப்பையும் இருக்கிறது. தைராய்டு குறைவில் அது மந்தமாகச் சுருங்கும், ரத்தத்தில் கொழுப்பும் ஏறியிருக்கும். எண்ணெயே இல்லாத மிகக் குறைந்த கலோரி உணவும் வேகமான எடை இழப்பும் பித்தக்கல்லுக்கு வழி செய்பவை. எல்டிஎல் 178-ஐப் பார்த்ததும் கொழுப்பு மாத்திரை எழுதவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தைராய்டு சரியாகும்போது எல்டிஎல் தானாகவே இறங்கும். சரியாகாத நிலையில் ஸ்டாட்டின் கொடுத்தால் தசைவலி வரும் வாய்ப்பு அதிகம். அதனால் முதலில் தைராய்டு, பிறகு மறுபடி கொழுப்புப் பரிசோதனை.

முதல் பதினான்கு வாரம்: டயட் இல்லை

முழு அளவு மாத்திரை தேவைப்படுபவர்களுக்கு தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சின் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுக் கணக்கு. 74 கிலோவுக்கு அது 118 வரும். சுரப்பி இன்னும் கொஞ்சம் வேலை செய்பவர்களுக்கு அவ்வளவு வேண்டியிராது. இவருக்கு 75-இல் தொடங்கினார்கள். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25-இல் தொடங்குவார்கள், ஏனென்றால் திடீரென்று வேகமெடுக்கும் இதயம் நெஞ்சு வலியைக் கிளப்பிவிடும்.

தொடங்கும் முன் மருத்துவர் இரண்டு விஷயங்களை விசாரித்தார். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா, தோல் வழக்கத்தைவிடக் கறுத்திருக்கிறதா, உப்புக்கு நாக்கு ஏங்குகிறதா? ஹாஷிமோட்டோ உள்ள சிலருக்கு அட்ரினல் சுரப்பியும் பழுதாகியிருக்கும். அதைச் சரி செய்யாமல் தைராய்டு மாத்திரை கொடுத்தால் ஆள் சரிந்து விழும் அபாயம் உண்டு. அடுத்து, கர்ப்பமாக இருக்கிறாரா, அதற்கான எண்ணம் உண்டா? இரண்டும் இல்லை. ரத்தசோகைக்காக, இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பி12-ம் பார்க்கப்பட்டன. ஃபெரிட்டின் குறைவு, இரும்பு மாத்திரை தொடங்கினார்கள்.

7 வாரத்தில் டிஎஸ்எச் 7.2. அளவை 100 ஆக்கினார்கள். 14-ஆம் வாரம் 2.4. ஆறேழு வாரத்துக்குக் குறைந்து பார்ப்பதில் பயனில்லை. டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் எடுக்கும், அது நிலைப்பட்டு டிஎஸ்எச் அதற்கேற்ப இறங்கி நிற்க ஆறு வாரமாவது வேண்டும்.

எடை 70.6. டயட் எதுவும் இல்லாமலே 3.4 கிலோ இறங்கியிருந்தது, முகம் வடிந்திருந்தது, மோதிரம் சுழன்றது. எல்டிஎல் 131. இப்போதுதான் டயட் கணக்கு தொடங்குகிறது.

நிலைப்பட்ட பிறகான கணக்கு

சூத்திரம் இப்போது 1,309 தருகிறது. தைராய்டு சரியாக இருப்பதால் 15 சதவீதக் கழிவு தேவையில்லை. நடை 7,000 அடிக்கு வந்திருந்தாலும், கூடுதலாக மதிப்பிட்டுவிடக் கூடாதென்று 1.4-ஆல் பெருக்கி 1,830 என்று வைத்தார்கள். அதிலிருந்து 400-ஐக் கழித்து 1,430. வாரத்துக்கு 0.36 கிலோ என்பது எதிர்பார்ப்பு. புரதம் 70 கிராம்.

எந்தச் சூத்திரமும் ஒருவருக்கு 10 சதவீதமோ அதற்கு மேலுமோ முன்பின் இருக்கலாம். அதனால் கடைசித் தீர்ப்பு எடைக் கருவியுடையது. தினமும் காலையில் பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் எழுதி, நான்கு வாரம் கழித்து ஒப்பிட வேண்டும். மாதவிடாய்ச் சுழற்சியில் ஓரிரண்டு கிலோ நீர் ஏறி இறங்கும் என்பதால் நான்கு வாரத்துக்குக் குறைந்த ஒப்பீடு பெண்களை வீணாகக் கலங்கடிக்கும்.

ஆறு வாரத்தில் 68.4 ஆயிற்று. கணக்கு பிசகாமல் போனது. அடுத்த ஆறு வாரம் முள் அசையவில்லை. அசதி திரும்பியது, மலச்சிக்கல் திரும்பியது. டிஎஸ்எச் 8.1.

டயட்டே மாத்திரையைக் கெடுத்த கதை

மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை என்றார். உண்மைதான். மருத்துவர் கேட்டது வேறு.

"காலையில எழுந்ததிலிருந்து என்னென்ன வாய்க்குள்ள போகுதுன்னு நேரத்தோட சொல்லுங்கம்மா."

"ஆறரைக்கு மாத்திரை டாக்டர். ஆறே முக்காலுக்குச் சர்க்கரை இல்லாத கடுங்காபி. ஏழு மணிக்கு ஓட்ஸ் கஞ்சி, அதோட கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை. ராத்திரி சப்பாத்தி, மீல்மேக்கர் குழம்பு."

பால் காபியை விட்டுக் கடுங்காபிக்கு மாறியது டயட்டுக்காக. இட்லியை விட்டு ஓட்ஸ் வந்ததும் டயட்டுக்காக. கால்சியம் மாத்திரையைத் தோழி சொன்னார். தனித்தனியாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் மாத்திரை விழுங்கிய அரை மணிக்குள் அடுத்தடுத்து விழுந்ததுதான் கோளாறு. லெவோதைராக்சின் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. கால்சியமும் இரும்பும் குடலிலேயே அதைப் பிடித்துக் கட்டிவிடும். நார்ச்சத்தும் காபியும் சேர்ந்துகொண்டால் இன்னும் குறையும். டப்பாவில் எழுதியிருப்பது 100 மைக்ரோகிராம், ரத்தத்துக்குப் போனது அதைவிடக் குறைவு. சோயாவும் உறிஞ்சலைக் குறைக்கக் கூடியதே. இவர் மீல்மேக்கர் சாப்பிட்டது இரவில் என்பதால் இங்கே அதன் பங்கு சொற்பம்.

அதே நேரம், டிஎஸ்எச் 8 மட்டுமே எடையை நிறுத்திவிட்டது என்று சொல்வது மிகை. அந்த அளவில் செலவு குறைவது நாளுக்கு 100 கலோரியை ஒட்டித்தான் இருக்கும். அசதியால் நடை 7,000-லிருந்து 4,500-க்கு இறங்கியதில் இன்னொரு 90. ஆக 400 என்று நினைத்த பற்றாக்குறை 210 ஆகச் சுருங்கியது. அதிலும் ஆறு வாரத்தில் ஒரு கிலோ கொழுப்பு போயிருக்க வேண்டும். திரும்பச் சேர்ந்த நீர் அதை மறைத்தது.

இந்த இடத்தில் மாத்திரையை 125 ஆக்குவதுதான் சுலபம், பல இடங்களில் அதுதான் நடக்கிறது. இங்கே ஆக்கவில்லை. ஆக்கியிருந்தால், ஒரு நாள் அவர் ஓட்ஸில் சலித்துப்போய் இட்லிக்குத் திரும்பும்போது, கால்சியம் டப்பா தீர்ந்துபோகும்போது, 125-ம் முழுசாக உள்ளே போய்ப் படபடப்பில் கொண்டுவிடும். மாற்றியது நேரத்தை மட்டும். காலை 5:45-க்கு வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு மாத்திரை. காபி 6:45-க்குப் பிறகு. இரும்பு மதிய உணவுக்குப் பின், கால்சியம் இரவு உணவோடு. இரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி. ஓட்ஸ் பிடித்திருந்தால் சாப்பிடலாம், தினமும் ஒரே மாதிரி. காலையில் முடியாதவர்கள் இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது போடலாம். ரமலான் நோன்பு, ஏகாதசி என்று சாப்பாட்டு நேரம் மாறும் நாட்களுக்கு இரவு வசதி. எந்த நேரம் என்பதைவிட, தேர்ந்த நேரத்தை மாற்றாமல் இருப்பது முக்கியம்.

7 வாரத்தில் டிஎஸ்எச் 2.9. அளவு அதே 100.

இன்னொரு சிறு பொறியில் அவர் சிக்காமல் தப்பினார். முடி கொட்டுவதற்கென்று பயோட்டின் மாத்திரை வாங்கி வைத்திருந்தார், போடத் தொடங்கவில்லை. பயோட்டின் அதிக அளவில் இருந்தால் பல லேப் கருவிகளில் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். அதைப் போட்டிருந்தால் 8.1 என்பது நல்ல எண்ணாகத் தெரிந்து, காரணத்தைத் தேடாமலே விட்டிருப்பார்கள். பரிசோதனைக்கு இரண்டு நாளாவது முன்பே அதை நிறுத்த வேண்டும். ரத்தம் கொடுக்கும் நாளில் தைராய்டு மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகு போட்டுக்கொள்வது நல்லது. மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு டி4 சற்று ஏறி நிற்கும்.

டயட்டுக்கு முன் மருத்துவரிடம் என்ன கொண்டுபோவது, என்ன கேட்பது

கையில் மூன்று காகிதம் போதும். கடைசி இரண்டு டிஎஸ்எச் ரிப்போர்ட், தேதியோடு. மேலே சொன்ன மாதிரி ஒரு நாளின் மணிவாரிப் பட்டியல், எல்லா மாத்திரை, சத்துப் பொடி, கஷாயம் உட்பட. நான்கு வார எடைச் சராசரி. மருத்துவர் பத்து நிமிடத்தில் கேட்டுப் பிடிக்க முடியாததை இந்தப் பட்டியல் காட்டிக்கொடுக்கும்.

முதல் கேள்வி, "என் டிஎஸ்எச் நிலைப்பட்டுவிட்டதா?" அளவு மாற்றி ஆறு வாரம் ஆகவில்லை என்றால், கலோரிக் கணக்கை அதுவரை தள்ளிவைப்பதே மேல். டிஎஸ்எச் 5, 6 என்று லேசாக ஏறி டி4 சரியாக இருப்பவர்களிடம் பேச்சு வேறு. அவர்களின் எடைக்கு அது காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைவு. எடை ஏறினாலே டிஎஸ்எச் லேசாக ஏறுவதும் உண்டு, எடை இறங்கினால் தானாக இறங்கும். அவர்கள் "மாத்திரை தேவையா, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாமா?" என்று கேட்க வேண்டும்.

அடுத்தது மற்ற நோய்களும் மருந்துகளும். இன்சுலின் போடுபவருக்குத் தைராய்டு சரியாகும்போது இன்சுலின் தேவை கூடலாம், டயட்டோ அதைக் குறைக்கும். இரண்டும் எதிரெதிராக இழுக்கும்போது சர்க்கரையை அடிக்கடி பார்க்காமல் டயட் தொடங்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்குத் தைராய்டு மாத்திரை அதன் வீரியத்தைக் கூட்டும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை பார்க்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் வயிற்றுப்புண் மாத்திரைகளும் உறிஞ்சலைக் குறைக்கும். மனநலத்துக்கு லித்தியம், இதயத் துடிப்புக்கு அமியோடரோன் எடுப்பவர்களுக்கு அந்த மருந்தே தைராய்டைக் குறைத்திருக்கலாம். மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது, சொல்ல வேண்டும்.

எடைக் குறைப்பு மருந்து எண்ணம் இருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. ஆர்லிஸ்டாட் தைராய்டு மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வாய்வழி செமாக்ளுடைட் நேர்மாறாக டி4 அளவைக் கூட்டக்கூடும், டிஎஸ்எச்சை மறுபடி பார்க்க வேண்டும். செமாக்ளுடைட் வகை மருந்துகளைப் பற்றித் "தைராய்டு இருந்தால் கூடாது" என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. எச்சரிக்கை மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களுக்கும், மென்2 என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும் உரியது. ஹைப்போதைராய்டு அதில் வராது.

கர்ப்பம் தரித்துவிட்டால் கலோரிக் குறைப்பு அன்றே நிற்க வேண்டும். மாத்திரைத் தேவை கால் பங்குக்கு மேல் கூடும் என்பதால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

முட்டைகோஸ், காலிஃபிளவர் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். வேகவைத்து, வழக்கமான அளவில் சாப்பிடலாம். மாத்திரை எடுப்பவருக்கு ஹார்மோன் வெளியிலிருந்து வருகிறது, கோஸ் பொரியல் அதைத் தடுக்காது. கடல்பாசி மாத்திரை வேறு விஷயம், அளவில்லாத அயோடின் ஹாஷிமோட்டோவை மோசமாக்கும்.

கடைசிப் பதிவு

நேரம் மாற்றிய பிறகு நான்கு மாதத்தில் எடை 64.2-க்கு வந்தது. அதே 1,430 கலோரி, ஆனால் சூத்திரப்படி தினச்செலவு இப்போது 1,740 தான், பற்றாக்குறை 310-ஆகச் சுருங்கியிருக்கிறது. கடைசி மாதத்தில் வேகம் குறைந்தது அதனால்தான், தைராய்டால் அல்ல. டிஎஸ்எச் 0.9 என்று வந்தது அதற்குச் சாட்சி. 74-லிருந்து 10 சதவீதத்துக்கு மேல் எடை இறங்கியிருப்பதால் மாத்திரைத் தேவையும் குறையக்கூடும். இப்போதைக்கு 100-ஐ மாற்றவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம். டிஎஸ்எச் 0.4-க்குக் கீழே போயிருந்தால் 88-க்கு இறக்குவது என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.